வாங்குகிறேன் என்பவரும் விளம்பரம் தருகிறேன் என்பவரும்: போலி மெசேஜை அறிகுறி வைத்துப் பிடிப்பது

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்து விற்பவர்களுக்கு வரும் மோசடி மெசேஜைக் கண்டுபிடிக்க, முன்பெல்லாம் எழுத்துப்பிழையைப் பார் என்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது போலி ஆள்தான் பிழையில்லாமல், மரியாதையாக எழுதுகிறார். நிஜமான வாடிக்கையாளர் அவசரத்தில் பாதி வார்த்தையை முழுங்கிவிட்டு "இது இருக்கா" என்று கேட்கிறார். அதனால் நடையை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

நான் மெசேஜைப் படித்து முடித்ததும் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: இவர் என்னை என்ன செய்யச் சொல்கிறார்? வாங்க வந்தவர் விலை, அளவு, எப்போது கிடைக்கும் என்று கேட்பார். ஏமாற்ற வந்தவர் ஏதோ ஒரு கட்டத்தில் நம் கையால் ஒரு வேலை செய்ய வைப்பார். கோட் அனுப்பு, ஃபைலைத் திற, பணத்தைத் திருப்பு, அனுமதி கொடு என்று அது எந்த உருவத்திலும் வரலாம். அந்த வேலை எதுவென்று தெரிந்துவிட்டால் மோசடியின் வகையும் தெரிந்துவிடும்.

உங்களுக்கு வந்திருப்பது எந்த வகையோ அந்தப் பகுதிக்கு நேராகப் போங்கள். ஏற்கெனவே எதையாவது திறந்துவிட்டீர்கள் என்றால் இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசிப் பகுதியை முதலில் படியுங்கள்.

## அறிகுறி: பெரிய ஆர்டர், ஆனால் பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை

நாற்பது பை வேண்டும் என்பார். எந்த நிறம், எந்த அளவு என்று சொல்ல மாட்டார். விலையைக் குறைக்கச் சொல்லிக்கூடக் கேட்க மாட்டார். "மொத்தம் எவ்வளவு என்று சொல்லுங்கள், இப்போதே அனுப்பிவிடுகிறேன், என் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்" என்று வரும்.

இதை மட்டும் வைத்துத் துரத்திவிட வேண்டியதில்லை. அவசரக்காரர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: உங்கள் பொருளைப் பற்றி, அவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். "நீளக் கைப்பிடியா, குட்டைக் கைப்பிடியா? இரண்டுக்கும் விலை வேறு" என்று கேட்கலாம். வாங்குகிறவர் யோசித்துப் பதில் சொல்வார், அல்லது படம் கேட்பார். போலி ஆள் "எதுவானாலும் சரி, பணம் எப்படி அனுப்ப?" என்று மறுபடி பணப் பேச்சுக்கே வருவார். நாற்பது பை வாங்குகிறவருக்குப் பை எப்படி இருக்கும் என்பதில் அக்கறை இல்லை என்றால், அவருக்கு வேண்டியது பை இல்லை.

## அறிகுறி: "பணம் அனுப்பியாச்சு", ஆனால் கணக்கில் இல்லை

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி துணிப்பை தைத்து விற்கிறாள். ஒருநாள் போனில் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "அக்கா, பணம் வந்துடுச்சு, ஆனா எடுக்க முடியலையாம். பிசினஸ் கணக்கா மாத்தினாத்தான் விடுவாங்களாம்." அவளுக்கு வந்தது ஒரு மெயில். பணம் அனுப்பும் சேவையின் சின்னம், நிறம் எல்லாம் அச்சு அசல். உங்கள் கணக்கு சாதாரணக் கணக்கு, அதனால் இந்தத் தொகை நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, வாங்குபவர் இன்னும் கொஞ்சம் அனுப்பினால் கணக்கு தானாக மாறிவிடும் என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த 'வாங்குபவரும்' எழுதினார்: "நான் அந்தக் கூடுதல் தொகையையும் போட்டுவிட்டேன், தயவுசெய்து அதை மட்டும் எனக்குத் திருப்பிவிடுங்கள்."

இரண்டு மெயிலையும் எழுதியது ஒரே ஆள். முதலிலும் பணம் வரவில்லை, இரண்டாவதிலும் வரவில்லை. அவள் 'திருப்பி' அனுப்பியிருந்தால் அது மட்டும்தான் நிஜமான பணமாக இருந்திருக்கும்.

இதற்கு வழி ரொம்பச் சின்னது. மெயிலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் பார்த்துப் பணம் வந்ததாக நினைக்கக் கூடாது. மெயிலில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், நீங்கள் வழக்கமாகத் திறக்கும் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். அங்கே வரவு இருக்கிறதா? இல்லையென்றால் பணம் வரவில்லை. பணம் பெறுவதற்காக நாம் முதலில் பணம் அனுப்ப வேண்டும் என்று எந்தச் சேவையும் சொல்லாது. கியூஆர் கோடும் இதே கதைதான். ஸ்கேன் செய்ய வேண்டியவர் பணம் கொடுப்பவர். "பணம் வாங்க இதை ஸ்கேன் பண்ணுங்க" என்று வாங்குபவரே படம் அனுப்பினால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

## அறிகுறி: நிஜமாகவே பணம் வந்திருக்கிறது, ஆனால் அதிகமாக

இது மேலே சொன்னதைவிட மோசம், ஏனென்றால் இங்கே ஆப்பில் வரவு தெரியும். விலை 100 என்றால் 150 வந்திருக்கும். "தவறிப்போய் அனுப்பிவிட்டேன், 50-ஐத் திருப்பிவிடுங்கள்" அல்லது "அந்த 50-ஐ எடுத்துப்போக வரும் ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பார்.

கணக்கில் தெரியும் தொகையெல்லாம் நம்முடையதாகிவிடாது. காசோலை என்றால், அது கைமாறித் தேறுவதற்கு முன்பே வங்கி வரவு காட்டிவிடலாம்; போலி என்று தெரிந்ததும் நாட்கள், சில நேரம் வாரங்கள் கழித்து அதே வங்கி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். திருடிய அட்டையில் கட்டியிருந்தால், அட்டைக்கு உரியவர் புகார் செய்ததும் மொத்தமும் போகும். அப்போது 150 போயிருக்கும், நீங்கள் கையால் கொடுத்த 50 போயிருக்கும், பொருளும் போயிருக்கும்.

அதனால் திருப்ப வேண்டியிருந்தால் தனியாக ஒரு தொகையை அனுப்பாதீர்கள். வந்த பரிவர்த்தனையையே முழுதாக, அதே வழியில் ரத்து செய்யுங்கள். ஆப்பில் அதற்கென்று இருக்கும் பொத்தானைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் வங்கியிடம் சொல்லி அவர்களையே செய்ய வையுங்கள். தவறிப்போய் அனுப்பியவருக்கு இதில் மனக்கசப்பு இருக்காது. வேறு ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்து அங்கே அனுப்பச் சொல்கிறார் என்றால் விஷயம் புரிந்துவிட்டது.

## அறிகுறி: "நீங்கள் நிஜமான ஆள்தானா என்று பார்க்க ஒரு கோட் அனுப்பியிருக்கிறேன்"

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீங்கள் கேட்காமலே உங்கள் போனுக்கு ஆறு இலக்க எண் வந்தால், அது பெரும்பாலும் உங்கள் பெயரில் யாரோ உள்ளே நுழையப் பார்ப்பதால் வருவது. வாட்ஸ்அப் பதிவு எண்ணாக இருந்தால், அதைச் சொன்ன மறு நிமிடம் உங்கள் வாடிக்கையாளர்களோடு அவர் பேசத் தொடங்குவார். கோட் வந்த மெசேஜிலேயே யாருக்கும் சொல்லாதே என்று எழுதியிருக்கும். நாம்தான் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியை விட்டுவிடுகிறோம்.

## அறிகுறி: ஸ்பான்சர் அனுப்பிய ஒப்பந்தம் ஜிப் ஃபைலில், பாஸ்வேர்டோடு வருகிறது

இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்துப் படியுங்கள். மற்றவற்றில் ஒரு தடவைப் பணம் போகும், இதில் பக்கமே போகும்.

துணிப்பை விற்கும் அதே பெண்ணுக்குச் சில மாதம் கழித்து வந்த மெயில் இது. புகைப்படத்தை அழகுபடுத்தும் மென்பொருள் ஒன்றின் கூட்டு விளம்பரப் பிரிவிலிருந்து எழுதுவதாகச் சொன்னார்கள். ஒரு பதிவுக்கு நல்ல தொகை. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எந்த வயதினர் என்று ஒன்றும் கேட்கவில்லை. "விருப்பம்" என்று இவள் எழுதியதும் இணைப்பு வந்தது: ஒப்பந்தமும் படங்களும் ஜிப்பில், பாஸ்வேர்ட் மெயிலிலேயே.

பாஸ்வேர்டை அதே மெயிலில் கொடுத்தால் பூட்டி என்ன பயன் என்று தோன்றும். பயன் இருக்கிறது. பூட்டிய ஜிப்புக்குள் மெயில் சேவையின் வைரஸ் சோதனை பெரும்பாலும் நுழைய முடியாது. பூட்டு உங்களைத் தடுக்க இல்லை, அந்தச் சோதனையைத் தடுக்க.

அவள் திறப்பதற்கு முன் என்னைக் கேட்டாள், நல்லவேளை. நாங்கள் செய்தது இது. ஜிப்பைப் பிரிக்காமல், அதன் உள்பட்டியலை மட்டும் பார்த்தோம். சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்ட் இருந்தாலும் உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரும் அளவும் தெரியும். சில `.rar`, `.7z` ஃபைல்களில் அதையும் மறைத்துவிட முடியும்; அப்படி மறைத்திருந்தால் அதுவே ஒரு பதில். டவுன்லோட் ஆன ஜிப் சுமார் 4 எம்பி. உள்ளே இருந்த 'ஒப்பந்தம்' 700 எம்பிக்கு மேல். மூன்று பக்க ஒப்பந்தம் ஒரு எம்பியைத் தொடுவதே அபூர்வம். இந்த வீக்கத்துக்குக் காரணம் உள்ளே நிரப்பியிருக்கும் வெற்றுப் பூஜ்ஜியங்கள். பூஜ்ஜியங்களைச் சுருக்கினால் ஒன்றுமில்லாமல் ஆகிவிடும், அதனால் ஜிப் சின்னதாக இருக்கிறது. பிரித்தால் பல சோதனைக் கருவிகள் ஏற்கும் அளவைத் தாண்டிவிடும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

அடுத்தது பெயர். விண்டோஸ் வழக்கமாக ஃபைல் பெயரின் கடைசித் துண்டை மறைத்து வைக்கும். விண்டோஸ் 11-இல் ஃபோல்டரைத் திறந்து `View`, அதில் `Show`, அதில் `File name extensions` என்பதைத் தேர்ந்தெடுங்கள். `Contract.pdf` என்று தெரிந்தது இப்போது `Contract.pdf.scr` என்று தெரியலாம். `.scr` என்பது ஸ்கிரீன் சேவர், அதாவது `.exe` போலவே ஓடும் புரோகிராம். பிடிஎஃப் படத்தை ஐகானாக ஒட்டி வைத்திருப்பார்கள்.

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்கிறது. அதைப் பெயரின் நடுவில் வைத்தால் மீதி தலைகீழாகத் தெரியும்:

```
Contract_[U+202E]fdp.scr
Contract_rcs.pdf
```

மேலே இருப்பது ஃபைலின் உண்மைப் பெயர், கீழே இருப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிவது. அதனால் பெயரை நம்பாமல், ஃபோல்டரில் `Details` பார்வைக்குப் போய் `Type` என்ற பத்தியைப் பாருங்கள். பிடிஎஃப் என்று இல்லாமல் `Screen saver`, `Application`, `Shortcut` என்று இருந்தால் அது ஒப்பந்தம் இல்லை. எங்கள் ஃபைலுக்கு `Screen saver` என்று வந்தது.

அதை இரட்டைக் கிளிக் செய்திருந்தால் பெரிதாக ஒன்றும் நடந்தது போலத் தெரியாது. ஒரு கறுப்பு ஜன்னல் மின்னி மறையும், அல்லது ஃபைல் பழுது என்று வரும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் செஷன் குக்கிகளும் வெளியே போயிருக்கும். செஷன் குக்கி என்பது நீங்கள் உள்ளே நுழைந்த பிறகு தளம் கையில் கட்டிவிடும் அனுமதிச் சீட்டு மாதிரி. அதை வேறு கணினியில் வைத்தால், பாஸ்வேர்டும் கேட்காது, இரண்டாம் கட்டக் கோடும் கேட்காது. "நான் இரண்டு கட்டச் சோதனை போட்டிருக்கிறேனே" என்று பலர் குழம்புவது இங்கேதான். அது வாசலில் நிற்கும் காவல், இவர் வாசல் வழியாக வரவே இல்லை.

இது சின்னப் பக்கங்களுக்கு மட்டும் நடப்பதும் இல்லை. 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் என்ற பெரிய யூடியூப் சேனல் பறிபோனது, ஸ்பான்சர் சலுகை போல வந்த ஃபைலை ஊழியர் ஒருவர் திறந்ததால்தான். கணினியைப் பற்றியே பேசிப் பிழைக்கிற கூட்டத்துக்கே நடந்தது என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, நிஜமான ஸ்பான்சரை எப்படி இழக்காமல் இருப்பது? நாங்கள் ஒரே ஒரு வரி பதில் போட்டோம்: "ஃபைலைத் திறக்க முடியவில்லை, நிபந்தனைகளை மெயிலிலேயே எழுதி அனுப்புங்கள்." நிஜ நிறுவனம் என்றால் எழுதி அனுப்பும், அல்லது சாதாரண பிடிஎஃப் இணைக்கும். எங்களுக்கு வந்த பதில்: "போனில் திறக்காது, விண்டோஸ் கணினியில் திறக்கவும்." விண்டோஸில் மட்டும் படிக்க முடிகிற ஒப்பந்தம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

அப்புறம் முகவரி. தளத்தின் பெயரான டொமைனை இடமிருந்து படித்தால் ஏமாறுவோம். `https://`-க்கு அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள்:

```
https://facebook.com/business
https://facebook.com.page-verify.example/business
```

முதலாவது ஃபேஸ்புக். இரண்டாவது `page-verify.example` என்ற வேறு யாரோ ஒருவருடைய தளம்; முன்னால் இருக்கும் `facebook.com` வெறும் அலங்காரம். மெயில் முகவரியில் `@`-க்குப் பின்னால் வருவதையும் இப்படியே பாருங்கள். எங்களுக்கு வந்ததில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு கோடு போட்டு `-partners` ஒட்டியிருந்தது. `lookup.icann.org` தளத்தில் போட்டுப் பார்த்ததும், அந்த டொமைன் பதிவாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று தெரிந்தது. நாட்டுக் குறியீட்டில் முடியும் சில டொமைன்களுக்கு இந்தத் தளத்தில் தேதி கிடைக்காமல் போகலாம்.

ஜிமெயிலில் `Show original` என்று பார்த்தால் `SPF`, `DKIM`, `DMARC` எல்லாவற்றுக்கும் `PASS` என்று இருக்கும், நிம்மதியாகத் தோன்றும். அதற்கு அர்த்தம் இந்த மெயில் அந்த டொமைனிலிருந்து வந்தது உண்மை என்பது மட்டும்தான். அந்த டொமைன் நிறுவனத்துடையதா என்பதை அது சொல்லாது. மோசடிக்காரர் தன் சொந்த டொமைனில் எல்லாம் ஒழுங்காக அமைத்து வைத்திருப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. நிஜமான விளம்பர ஏஜென்சிகள் நிறுவனத்தின் டொமைன் இல்லாமல் சொந்த டொமைனில் எழுதுவதும் நடக்கிறது. அதனால் டொமைன் வேறு என்பதற்காக மட்டும் ஒதுக்காதீர்கள். நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடி, அதன் தளத்தில் இருக்கும் தொடர்பு முகவரிக்கு எழுதிக் கேளுங்கள்: இந்த ஏஜென்சி உங்களுக்காக வேலை செய்கிறதா? மெயிலில் கொடுத்த தொலைபேசி எண்ணில் கேட்டால் அதே ஆள்தான் எடுப்பார்.

## அறிகுறி: "விளம்பரத்தை நாங்களே போட்டுக்கொள்கிறோம், பக்கத்துக்கு அனுமதி மட்டும் கொடுங்கள்"

இதில் ஃபைல் கிடையாது, வைரஸ் கிடையாது. வந்திருக்கும் இணைப்பே நிஜமான ஃபேஸ்புக் இணைப்பாக இருக்கலாம். அதுதான் சிக்கல். நீங்களே சாவியைக் கொடுக்கிறீர்கள். பக்கத்தின் அமைப்பில் `Page access` என்ற இடத்தில் ஒருவருக்கு முழுக் கட்டுப்பாடு கொடுத்துவிட்டால், அவர் உங்களை வெளியே அனுப்பலாம். விளம்பரக் கணக்கையும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அதில் சேமித்த அட்டையில் தன் விளம்பரங்களை ஓட்டலாம்.

ஸ்பான்சருக்கு இந்த அனுமதி தேவையே இல்லை. இன்ஸ்டாகிராமில் கூட்டு விளம்பரம் செய்ய, குறிப்பிட்ட ஒரு பதிவை மட்டும் பயன்படுத்த அந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுக்கும் வசதி இருக்கிறது. அதைச் சொல்லிப் பாருங்கள். வேலை தெரிந்தவர் "சரி, அதுவே போதும்" என்பார்.

இதன் இன்னொரு வடிவம்: "உங்கள் பார்வையாளர் எண்ணிக்கையைச் சரிபார்க்க இங்கே லாகின் செய்யுங்கள்." பக்கத்தின் மேலேயே ஒரு குட்டி லாகின் ஜன்னல் திறக்கும், அதில் சரியான முகவரிகூடத் தெரியும். கணினியில் அந்தக் குட்டி ஜன்னலைப் பிடித்துப் பிரவுசருக்கு வெளியே இழுத்துப் பாருங்கள். வெளியே வராமல் விளிம்பில் நின்றால், அது ஜன்னல் இல்லை, ஜன்னல் போல வரைந்த படம். வழக்கமாகத் தானாகப் பாஸ்வேர்டை நிரப்பும் பிரவுசர் இன்று நிரப்பவில்லை என்றாலும் நின்று யோசியுங்கள். நம் கண் ஏமாறும் முகவரியில் அது ஏமாறாது.

## ஏற்கெனவே திறந்துவிட்டேன்

முதலில் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். பாஸ்வேர்ட் மாற்றும் வேலையை அதில் செய்யாதீர்கள், புதிய பாஸ்வேர்டும் கையோடு போய்விடும். போனையோ வேறு கணினியையோ எடுங்கள்.

பக்கத்தைவிட முதலில் காப்பாற்ற வேண்டியது மெயில். மற்ற எல்லாக் கணக்குக்கும் பாஸ்வேர்ட் மாற்றும் வழி அதற்குள்தான் வருகிறது. மெயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, `myaccount.google.com/device-activity` போய்த் தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். ஜிமெயிலின் அமைப்பில் `Filters and Blocked Addresses`, `Forwarding and POP/IMAP` இரண்டையும் பாருங்கள். உங்களுக்கு வரும் எச்சரிக்கை மெயிலை நேராகக் குப்பைக்கு அனுப்பும் ஒரு விதியை அங்கே போட்டுவைப்பது திருடர்களின் பழைய வழக்கம். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்றும் பாருங்கள்.

பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். `Password and security` பகுதியில் `Where you're logged in` என்பதில் எல்லாச் செஷனையும் வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். வெளியேற்றாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி நிம்மதியாகிவிட வேண்டாம். திருடிய குக்கி செத்துப்போவது செஷன் முடிந்தால்தான். பக்கத்தில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது, விளம்பரக் கணக்கில் தெரியாத விளம்பரம் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் நிறுத்திவிட்டு, அட்டையை வங்கியில் சொல்லி முடக்குங்கள்.

உள்ளேயே போக முடியவில்லை என்றால் `facebook.com/hacked`, `instagram.com/hacked` இரண்டும்தான் வழி. முடிந்தவரை நீங்கள் வழக்கமாக லாகின் செய்யும் போனிலிருந்து முயலுங்கள். துண்டித்து வைத்த அந்தக் கணினியில் முக்கியமான படங்கள், வரவு செலவுக் கணக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது என் விருப்பம். `Microsoft Defender Offline scan` ஓட்டலாம். ஆனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அது சொன்னால் நான் முழுதாக நம்ப மாட்டேன். இந்த வகைப் புரோகிராம்களில் பல, திருடி முடித்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் நடுவில், பக்கம் போய்விட்டது என்று நீங்கள் எங்காவது புலம்பி எழுதியிருப்பீர்கள். கொஞ்ச நேரத்தில் கீழே பதில்கள் வரும்: "எனக்கும் இப்படித்தான் ஆனது, இவர்தான் மீட்டுக் கொடுத்தார்", கூடவே ஒரு இன்ஸ்டாகிராம் பெயர். அவருக்கு எழுதினால் முதலில் ஒரு சின்னக் கட்டணம் கேட்பார், அடுத்ததாக உங்கள் போனுக்கு வந்த ஒரு கோடை.